ஷிம் எவ்வளவு போடணும்? பேரிங் எண்ட் ப்ளேவை அளந்தே முடிவு செய்வது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். இன்ஜின், வின்ச், கியர்பாக்ஸ் எல்லாம் இறங்கி ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் உள்ள பட்டறைகளுக்கு வந்து சேரும். அப்போது பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் அதிகம் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "அண்ணே, கவருக்கு அடியில ஷிம் எவ்வளவு போடணும்?"

வழக்கமாகக் கிடைக்கும் பதில், "கழட்டும்போது எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவே போடு" என்பதுதான். பேரிங்கை மாற்றாமல் ஆயில் சீலை மட்டும் மாற்றும்போது இது சரி. பேரிங் புதுசு என்றால் சரியில்லை. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன். முதலில் ஷிம் என்ற அந்த மெல்லிய தகடு அங்கே என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஒரு ஷாஃப்ட் இரண்டு பேரிங்கில் சுற்றுகிறது. அது நீளவாக்கில் முன்னும் பின்னும் எவ்வளவு நகர முடியுமோ அதுதான் எண்ட் ப்ளே. எண்ட் ஃப்ளோட் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. டேப்பர் ரோலர் பேரிங்கில் இந்த ப்ளே தானாக அமைவதில்லை. கோன் என்ற உள்வளையம் ஷாஃப்டில் ஏறுகிறது, கப் என்ற வெளிவளையம் ஹவுசிங்கில் உட்காருகிறது, இரண்டும் தனித்தனித் துண்டுகள். அவற்றை எவ்வளவு நெருக்கி வைக்கிறோமோ அதைப் பொறுத்து ப்ளே கூடும், குறையும், இல்லாமலேயே போகும். நெருக்கத்தை முடிவு செய்வது கவர். கவர் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை முடிவு செய்வது ஷிம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன வின்ச் கியர்பாக்ஸின் நடு ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பு ஹவுசிங். இரண்டு பக்கமும் 30208 டேப்பர் பேரிங். உள்விட்டம் 40 மி.மீ., வெளிவிட்டம் 80 மி.மீ. ஒரு பக்கம் ஹவுசிங் மூடியே இருக்கிறது. அங்கே முதல் கப் அடியில் உட்காரும். மறுபக்கம் திறப்பு. அதை ஒரு கவர் மூடுகிறது. டிபன் பாக்ஸ் மூடியின் உள்விளிம்பு பாத்திரத்துக்குள் கொஞ்சம் இறங்குமே, அதுபோல இந்தக் கவரின் உட்பக்கத்தில் வட்டமாக ஒரு மேடு துருத்திக்கொண்டு இருக்கும். அதற்கு ஸ்பிகாட் என்று பெயர். கவரைப் போல்ட் போட்டு இறுக்கும்போது இந்த ஸ்பிகாட்தான் இரண்டாவது கப்பின் முதுகில் போய் நிற்கிறது. கவரின் விளிம்புக்கும் ஹவுசிங் முகத்துக்கும் நடுவில் ஷிம்.

அளவுகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். ஹவுசிங் முகத்திலிருந்து அடிக் கப் உட்காரும் இடம் வரை ஆழம் 142.36 மி.மீ. ஷாஃப்டில் இரண்டு பேரிங்கையும் ஏற்றி, கப்புகளையும் வைத்து, ஆட்டமே இல்லாமல் சேர்த்துப் பிடித்தால் ஒரு கப்பின் முதுகிலிருந்து மறு கப்பின் முதுகு வரை 138.12. கவரின் ஸ்பிகாட் உயரம் 4.60. தயாரிப்பாளர் கொடுத்த எண்ட் ப்ளே வரம்பு 0.05 முதல் 0.12 வரை.

இனி கணக்கு சின்னது. ஷாஃப்டைப் பேரிங்கோடு உள்ளே இறக்கினால் மேலே மிச்சம் இருக்கும் ஆழம் 142.36 − 138.12 = 4.24. ஸ்பிகாட்டோ 4.60 உயரம். 4.24 ஆழமுள்ள இடத்தில் 4.60 போகாது. ஷிம் இல்லாமல் கவரை வைத்தால் ஸ்பிகாட் கப்பில் முட்டி, விளிம்பு ஹவுசிங் முகத்திலிருந்து 0.36 தூக்கி நிற்கும். அந்த 0.36 தடிமனுக்கு ஷிம் வைத்தால் இடைவெளி நிரம்பும், ஆனால் ப்ளே சுழி. ஷாஃப்டுக்கு 0.08 நகர இடம் வேண்டுமென்றால் அதையும் கூட்டி 0.44 வைக்க வேண்டும்.

```
ஷிம் = ஸ்பிகாட் உயரம் − மிச்ச ஆழம் + வேண்டிய ப்ளே
     = 4.60 − 4.24 + 0.08
     = 0.44 மி.மீ.
```

இதை மனப்பாடம் செய்துகொண்டால் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள். ஏனென்றால் எல்லா கியர்பாக்ஸிலும் ஷிம் ஒரே இடத்தில் இருக்காது. மேலே சொன்னதில் ஷிம் கவர் விளிம்புக்கு அடியில் இருக்கிறது. அதனால் ஷிம் கூடினால் கவர் வெளியே தள்ளப்படும், ப்ளே கூடும். இன்னும் சில கியர்பாக்ஸ்களில் ஷிம் வளையத்தைக் கப்பின் முதுகுக்கும் ஸ்பிகாட்டுக்கும் நடுவில் உள்ளே வைப்பார்கள். அங்கே ஷிம் கூடினால் கப் உள்ளே தள்ளப்படும், ப்ளே குறையும். கணக்கும் திரும்பிவிடும்: மிச்ச ஆழத்திலிருந்து ஸ்பிகாட் உயரத்தையும் வேண்டிய ப்ளேவையும் கழித்தால் வருவது ஷிம். மிச்ச ஆழம் 5.30, ஸ்பிகாட் 4.60, ப்ளே 0.08 என்றால் 0.62 ஷிம். ஆகவே பேப்பரில் எதையும் எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் ஒரு ஷிம் அதிகம் போட்டால் ஷாஃப்ட் லூஸ் ஆகுமா, டைட் ஆகுமா? பதில் தெரிந்துவிட்டால் கூட்டலா கழித்தலா என்பது தானே வரும்.

கவருக்கு அடியில் பேப்பர் கேஸ்கெட் போடும் வழக்கம் இருந்தால் அதுவும் ஷிம்தான். போல்ட் இறுகிய பிறகு அது நசுங்கி என்ன தடிமனில் நிற்கிறதோ அந்த அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 0.25 கேஸ்கெட்டை மறந்துவிட்டு 0.44 ஷிம்மும் போட்டால் ப்ளே வரம்பைத் தாண்டி எங்கோ போய்விடும். எனக்கு இந்த மாதிரி இடத்தில் பேப்பர் பிடிக்காது. நாளாக ஆக நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் லூஸாகும், ப்ளேவும் மாறும். ஷிம்மின் இரு பக்கமும் மெல்லிசாக சீலண்ட் தடவி விடுவது மேல். அதையும் தடிமனாக அப்பக் கூடாது.

இப்போது பழைய ஷிம் விஷயத்துக்கு வருவோம். 30208 பேரிங்கின் மொத்த அகலம், அதாவது கோன் முதுகிலிருந்து கப் முதுகு வரை, கேட்லாக்கில் 19.75 மி.மீ. என்று இருக்கும். சாதாரண வகுப்பு பேரிங்கில் இந்த அளவு 19.75 முதல் 19.95 வரை எங்கே இருந்தாலும் அது நல்ல பேரிங்தான், தரம் குறைந்தது அல்ல. அதாவது ஒரு பேரிங்கிலேயே 0.20 வரை வித்தியாசம் வரலாம், இரண்டுக்கும் சேர்த்து 0.40. நாம் பிடிக்கப் பார்க்கும் ப்ளே வரம்பின் மொத்த அகலமே 0.07 தான்.

இதே ஷாஃப்டில் வைத்துப் பார்ப்போம். கோன்கள் முட்டி நிற்கும் இரண்டு தோள்களுக்கும் இடையே 98.50. பழைய பேரிங்குகள் புதுசாக இருந்தபோது 19.77, 19.79 என்று இருந்தன என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 138.06. அப்போது பொருத்தியவர் 0.40 ஷிம் போட்டு 0.10 ப்ளே வைத்திருப்பார். இப்போது வாங்கிய ஜோடி 19.90, 19.90 என்று வந்தால் மொத்தம் 138.30. பழைய 0.40 ஷிம்மையே போட்டால் உள்ளே கிடைக்கும் இடம் 142.36 + 0.40 − 4.60 = 138.16. 138.30 நீளமுள்ள பொருளை 138.16 இடத்துக்குள் போல்ட் போட்டு இறுக்குகிறோம். ப்ளே இல்லை என்பது மட்டுமல்ல, 0.14 அளவுக்கு பேரிங் நெருக்கப்படுகிறது. கவர் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், போல்ட்டும் இறுகிவிடும். கடலுக்குப் போய் வின்ச் ஓட ஆரம்பித்த பிறகு பேரிங் சூடேறி, ரோலர் நிறம் மாறி, அடுத்த தடவை அதே பட்டறைக்கே திரும்பி வரும். "டூப்ளிகேட் பேரிங்" என்று கடைக்காரர் தலையில் பழி விழும். (டூப்ளிகேட் பேரிங் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பழியும் அதற்குச் சேராது.)

நம் எடுத்துக்காட்டில் புது ஜோடி 19.81, 19.81 என்று வந்திருக்கிறது, அதனால்தான் 138.12. ஆனால் பேரிங் அகலத்தைத் தனியாக அளந்து, தோள் இடைவெளியைத் தனியாக அளந்து, ஹவுசிங் ஆழத்தைத் தனியாக அளந்து, பிறகு கூட்டிக் கழிப்பதை நான் விரும்பமாட்டேன். 142 மி.மீ. நீளமுள்ள ஒன்றை அளந்து, 138 மி.மீ. நீளமுள்ள இன்னொன்றைக் கழிக்கும்போது இரண்டு அளவிலும் உள்ள சின்னப் பிசகுகள் விடையில் வந்து சேர்ந்துகொள்ளும். கணக்குப் புரிவதற்கு அந்த முறை நல்லது. வேலைக்கு, ஷாஃப்டைப் பேரிங்கோடு ஹவுசிங்குக்குள் இறக்கி அந்த 4.24 ஐ நேரடியாக அளப்பதே மேல். ஒரு சின்ன ஆழம், ஒரே அளவு. ஹவுசிங், தோள், பேரிங் எல்லாவற்றின் வித்தியாசமும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்படி அளக்கும்போது ஹவுசிங்கைத் திறந்த பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போது ஷாஃப்டின் எடை அடிப் பேரிங்கில் இறங்கி அதைத் தானே உட்கார வைக்கும். அதற்கு முன் அடிக் கப் உண்மையிலேயே அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று, இடைவெளி பார்க்கும் ஃபீலர் தகட்டை விட்டுப் பாருங்கள். கடல் காற்றில் கிடந்த ஹவுசிங்கில் அந்த மூலையில் துரு பொருக்காக இருக்கும். கப்பை அடித்து இறக்கும்போது பொருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், சத்தத்தில் தெரியாது. இன்னொரு துரு, ஹவுசிங் முகத்தில் இருப்பது. பழைய பெயின்ட், பழைய சீலண்ட், போல்ட் ஓட்டையைச் சுற்றி எழும்பிய மேடு எல்லாவற்றையும் எண்ணெய்க் கல் போட்டுத் தேய்த்து எடுத்த பிறகுதான் அளவுக் கருவியைத் தொட வேண்டும்.

மேல் கப்பைக் கோன் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே ஷாஃப்டைச் சுற்றுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள் அதிகம். டேப்பர் ரோலரின் பெரிய முனை கோனின் விளிம்புக் காலரில் போய் உட்கார வேண்டும். சுற்றாமல் வெறுமனே அழுத்தினால் ரோலர்கள் சாய்ந்தும் விலகியும் நிற்கும், கப் மேலேயே நின்றுவிடும். அழுத்தியபடி பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் கப் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது கையிலேயே தெரியும். இறங்குவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தால் நாம் வைக்கப்போகும் மொத்த ப்ளேவை விட அதிக வித்தியாசம் வரக்கூடும். உட்காராத கப்பை வைத்து அளந்தால் மிச்ச ஆழம் குறைவாகத் தெரியும், ஷிம் அதிகமாகக் கணக்காகும். பிறகு ஓடும்போது ரோலர் தன் இடத்துக்குப் போகும், ஷாஃப்ட் லூஸ் ஆகிவிடும்.

அளப்பதற்கு டெப்த் மைக்ரோமீட்டர். சாதாரண வெர்னியரின் டெப்த் ராடு இந்த வேலைக்குப் போதாது. அதன் மிகச் சின்னக் கோடே 0.02, ராடின் அடியும் மெலிசு, சாய்ந்து நின்றாலும் தெரியாது. 0.07 அகலமுள்ள வரம்பைப் பிடிக்க அது சரிப்படாது.

மைக்ரோமீட்டரின் அடிப்பட்டையை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டையின் நடுவில் குறுக்கே வைத்தால் ராடு ஷாஃப்டின் முனையில் போய் நிற்கும், கப்பில் நிற்காது. கப் என்பது ஓரத்தில் இருக்கும் ஒரு வளையம். ஆகவே பட்டையை ஓட்டையின் ஓரமாகத் தள்ளி வையுங்கள். 80 மி.மீ. ஓட்டையில் மையத்திலிருந்து 37 மி.மீ. தள்ளி வைத்தால் அந்த இடத்தில் ஓட்டையின் குறுக்களவு ஏறக்குறைய 30 மி.மீ. மட்டுமே. பட்டையின் இரண்டு முனையும் ஹவுசிங் முகத்தில் நன்றாகப் பதியும், ராடு நேராகக் கப்பின் முதுகில் இறங்கும். வட்டத்தில் நான்கு இடத்தில் இப்படி அளந்து சராசரி எடுங்கள். நான்கும் 4.23, 4.24, 4.25, 4.24 என்று வந்தால் நிம்மதி. 4.18, 4.30 என்று எதிரெதிர் பக்கம் வந்தால் சராசரி எடுத்துப் பயனில்லை. கப் சாய்ந்து நிற்கிறது, அல்லது முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும்.

டெப்த் மைக்ரோமீட்டரைப் புதிதாகப் பிடிக்கிறவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. சாதாரண மைக்ரோமீட்டரில் சுற்றும் உருளை பின்னால் போகப் போகக் கோடுகள் வெளியே தெரியும், தெரிவதை எண்ணுவோம். டெப்த் மைக்ரோமீட்டரில் எண்கள் எதிர்த்திசையில் போகும். ஆழம் கூடக் கூட உருளை கீழே இறங்கிக் கோடுகளை மூடிக்கொண்டே வரும். ஆகவே மூடப்பட்ட கோடுகளைத்தான் எண்ண வேண்டும். கண்ணுக்கு 4.5 கோடு தெரிகிறது, 4.0 மூடிவிட்டது என்றால் அளவு 4 மி.மீ.க்கு மேல், 4.5 க்குக் கீழ். உருளையில் 24 கோடு, அப்போது 4.24. இதை 4.5 + 0.24 என்று படித்து 4.74 என எழுதிவிட்டால் கணக்கே தலைகீழாகும். ஸ்பிகாட்டை விட ஆழம் அதிகம், ஷிம்மே வேண்டாம் என்று விடை வரும். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை இறக்கி 4 பக்கமா 5 பக்கமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிகாட் உயரத்தையும் இதே மைக்ரோமீட்டரில் எடுக்கலாம். அடிப்பட்டையின் ஒரு பாதியை ஸ்பிகாட் முகத்தில் அழுத்திப் பிடித்து, மறுபாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ராடை விளிம்பில் இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கல் என்பதால் கை ஆடாமல் பிடிப்பது முக்கியம். ஸ்பிகாட் கப்பின் முதுகை மட்டும் தொடுகிறதா, ரோலர்களைப் பிடித்திருக்கும் கூண்டில் எங்காவது உரசுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தடைக்காலமும் கத்திரி வெயிலும் ஒன்றாக வருவதால் வடசென்னைப் பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சூடு. ஹவுசிங் பெரிது, உள்ளே இடம் இல்லை என்று வாசலிலேயே கிடக்கும். ஷாஃப்ட் உள்ளே மேஜை மேல் நிழலில் இருக்கும். ஹவுசிங் ஷாஃப்டை விட 13 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால், 142 மி.மீ. ஆழமுள்ள வார்ப்பிரும்பு ஏறக்குறைய 0.02 மி.மீ. நீண்டிருக்கும். நம் வரம்பில் கால்வாசிக்கும் மேல். தொட்டால் கை சுடும் ஹவுசிங்கை அளக்காதீர்கள். இரண்டையும் ஒரே கூரைக்கு அடியில் சில மணி நேரம் வைத்துவிட்டு, முடிந்தால் காலையில் முதல் வேலையாக அளந்துவிடுங்கள்.

சரி, 0.44 வந்துவிட்டது. கடையில் 0.44 ஷிம் கிடைக்காது. பித்தளையிலும் ஸ்டீலிலும் 0.05, 0.10, 0.20, 0.25, 0.50 போன்ற தடிமன்களில் தகடு கிடைக்கும், கவர் அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். 0.25 உம் 0.20 உம் சேர்த்தால் 0.45, ப்ளே 0.09 ஆகும், வரம்புக்குள்தான். அடுத்த வசதியான அளவு 0.50, அதைப் போட்டால் ப்ளே 0.14, வரம்புக்கு வெளியே. ஆகவே 0.45. அதையே 0.05 தகடாக ஒன்பது போட்டும் செய்யலாம், ஆனால் செய்யாதீர்கள். தகடு கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலமும் தூசியும் சேரும், போல்ட் இறுக இறுக அடுக்கு அமுங்கிக்கொண்டே போகும். இரண்டு மூன்று தகடுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மெல்லிய தகடு வேண்டியிருந்தால் அதை நடுவில் வைத்துத் தடித்தவற்றை வெளிப்பக்கம் வையுங்கள். கவரைத் திறக்கும்போது மெல்லியது கிழியாமல் தப்பிக்கும்.

தகட்டின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அடுக்கை மொத்தமாகச் சேர்த்து சாதாரண மைக்ரோமீட்டரில், போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் அளந்து பாருங்கள். 0.45 க்கு 0.49 காட்டினால் தகடு தவறு என்று முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் கத்தரியால் வெட்டிய ஓரமும் பஞ்ச் அடித்த ஓட்டையின் விளிம்பும் தூக்கிக்கொண்டிருக்கும். தகட்டைத் தட்டையான பரப்பில் வைத்து எண்ணெய்க் கல்லால் இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்தால் இறங்கிவிடும்.

பொருத்துவதற்கு முன் ஒரு குறுக்குச் சோதனை இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, மைக்ரோமீட்டரைத் தப்பாகப் படித்திருந்தால் இங்கேயே பிடிபட்டுவிடும். ஷிம் எதுவும் வைக்காமல் கவரை மாட்டுங்கள். ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே போல்ட்டுகளை விரலால் மட்டும், எதிரெதிராக, சமமாக இறக்குங்கள். ஷாஃப்ட் லேசாக இழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, விளிம்புக்கும் ஹவுசிங் முகத்துக்கும் உள்ள இடைவெளியில் ஃபீலர் விடுங்கள். நம் கணக்குப்படி 0.36 இருக்க வேண்டும். நான்கு பக்கமும் 0.35, 0.37 என்று வந்தால் கணக்கும் அளவும் ஒத்துப்போகின்றன. ஒரு பக்கம் 0.20, எதிர்ப்பக்கம் 0.50 என்றால் கவர் சாய்ந்திருக்கிறது; போல்ட்டைத் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டால் கவர் வளைந்து இடைவெளி பொய் சொல்லும்.

பிறகு ஷிம்மை வைத்து, ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே, எதிரெதிர் போல்ட்டாக இறுக்குங்கள். இறுக்கும்போது ஷாஃப்ட் கனத்துக்கொண்டே வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் சரியாகிவிடும் என்பது இந்த வேலையில் நடக்காது.

கடைசியாக டயல் கேஜ். மேக்னெட் ஸ்டாண்டை ஹவுசிங்கில் நிறுத்தி, டயலின் முனையை ஷாஃப்டின் முனையில் நேராக வைத்து, ஷாஃப்டை ஒரு பக்கம் தள்ளிச் சுற்றி சுழியில் வையுங்கள். பிறகு மறுபக்கம் இழுத்துச் சுற்றிப் படியுங்கள். இங்கேயும் சுற்றாமல் படித்தால் அளவு குறைவாகக் காட்டும். நம் ஷாஃப்டில் மூடிய கவரின் பக்கம் டயலுக்கு இடமில்லாததால், மேலே உள்ள ஆய்வு மூடியைத் திறந்து கியரின் பக்க முகத்தில் முனையை வைக்கலாம். 0.09 எதிர்பார்த்தோம், 0.07 அல்லது 0.10 வந்தால் அளவுகளில் இருக்கும் சகஜமான வித்தியாசம், விட்டுவிடலாம். 0.20 வந்தால் அளந்தபோது கப் உட்காரவில்லை, அல்லது இப்போது ஷிம்முக்கு நடுவில் ஏதோ மாட்டியிருக்கிறது. எதுவுமே அசையவில்லை என்றால் ஷாஃப்டைத் தள்ளிய விசை போதவில்லையா என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் கவரைத் திறக்க வேண்டியதுதான். ஷிம்மைக் கூட்டிக் குறைக்கும்போது 0.05 மாற்றினால் ப்ளேவும் 0.05 மாற வேண்டும். மாறவில்லை என்றால் கவர் ஷிம்மில் உட்காராமல் வேறெங்கோ முட்டி நிற்கிறது என்று அர்த்தம்.

0.05 க்குக் கீழே போகக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம், ஓடும்போது ஷாஃப்ட் ஹவுசிங்கை விடச் சூடாக இருப்பதுதான். கடல் காற்றும் தண்ணீர் தெறிப்பும் ஹவுசிங்கை வெளியிலிருந்து ஆற்றும், உள்ளே ஷாஃப்டை ஆற்ற எண்ணெய் மட்டுமே. இரண்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் 138 மி.மீ. ஸ்டீல் ஏறக்குறைய 0.03 அதிகமாக நீளும். பட்டறையில் வைத்த 0.09 கடலில் 0.06 ஆகும். பட்டறையிலேயே 0.02 தான் வைத்திருந்தால் கடலில் நெருக்கம் தொடங்கிவிடும். ஓட்டி அரை மணி நேரத்தில் ஒரு பேரிங் பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அதன் அறிகுறி அதுவே. ப்ளே அதிகமானால் வேறு மாதிரி தெரியும்: வின்ச்சை இழுவையிலிருந்து விடுவிக்கும்போது ஒரு தட்டல் சத்தம், கொஞ்ச நாளில் ஆயில் சீல் கசிவு.

இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஹவுசிங் அலுமினியம் என்றால் சூடாகும்போது அது ஸ்டீலை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். இதே நீளத்துக்கு இரண்டும் 50 டிகிரி சூடேறினால் ப்ளே 0.08 வரை கூடிவிடும். அதனால் அங்கே குளிர்ந்த நிலையில் வைக்கச் சொல்லும் ப்ளே குறைவாக இருக்கும், தயாரிப்பாளர் சொன்னதை மாற்றாதீர்கள். லாரி டிஃபரென்ஷியல் பினியனில் பெரும்பாலும் ப்ளேவே வைப்பதில்லை, வேண்டுமென்றே நெருக்கி வைப்பார்கள். அதை டயலில் பார்க்க முடியாது, ஷாஃப்டைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்துதான் வைக்க வேண்டும். வார்ம் கியர், பெவல் கியர் போன்றவற்றில் சக்கரம் நீளவாக்கில் சரியான இடத்தில் நிற்பதும் முக்கியம் என்பதால் இரண்டு பக்கமும் ஷிம் இருக்கும். அங்கே முதலில் மேலே சொன்னபடி மொத்த ஷிம் எவ்வளவு என்று கண்டுபிடித்து ப்ளேவைச் சரிசெய்யுங்கள். அப்புறம் பல் பதிவைப் பார்த்து ஒரு பக்கத்திலிருந்து எடுக்கும் தகட்டை அப்படியே மறுபக்கம் போடுங்கள். மொத்தம் மாறாத வரை ப்ளேவும் மாறாது.